காதில் இருந்த குரல் எங்கே போனது? ஒரே கணக்கில் போன், டேப்லெட், லேப்டாப் இருக்கும் வீடுகளுக்கு ஒரு விளக்கம்

காலை பத்து மணிக்கு மகளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. லேப்டாப்பில்தான் நடக்கிறது. காதில் வயர் இல்லாத இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கூடத்தில் தம்பி டேப்லெட்டைத் திறந்து கார்ட்டூன் போடுகிறான். அடுத்த நொடி மகளின் காதில் கார்ட்டூன் பாட்டு கேட்கிறது. கூடத்திலோ, "உம்மா, சத்தம் வரல" என்று தம்பி கத்துகிறான்.

இது நாம் கற்பனையாக எடுத்துக்கொண்ட வீடு. ஆனால் போன், டேப்லெட், லேப்டாப் மூன்றும் ஒரே கணக்கில் இருக்கும் வீடுகளில் இப்படி நடப்பது புதிதல்ல. இயர்பட்ஸ் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. யாரோ கணக்கை ஹேக் செய்துவிட்டார்கள் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டுமே இல்லை. கருவி தனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்கிறது. அது வைத்திருக்கும் ஓர் அனுமானம் நம் வீட்டுக்குப் பொருந்தவில்லை என்பதே பிரச்சினை.

அந்த அனுமானம் என்ன, அது எங்கே தவறுகிறது, எந்தக் கருவியில் எதை மாற்றினால் சரியாகும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ், ஐபோன், ஐபேட், மேக் லேப்டாப் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறோம். சாம்சங், ஆண்ட்ராய்டு கருவிகள் வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை ஒன்றுதான். அதைக் கடைசியில் சொல்கிறோம்.

முன்பு எப்படி இருந்தது?

புளூடூத் இயர்பட்ஸை ஒரு போனோடு முதன்முறை இணைக்கும்போது, இரண்டும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை பெட்டியைத் திறந்ததும் அந்தச் சாவியைக் கொண்டு ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. டேப்லெட்டிலும் கேட்க வேண்டும் என்றால் அங்கேயும் தனியாக இணைக்க வேண்டும். போனிலிருந்து டேப்லெட்டுக்கு மாற வேண்டும் என்றால், போனில் துண்டித்துவிட்டு டேப்லெட்டில் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். சிரமம்தான். ஆனால் யாரும் கேட்காமல் சத்தம் தாவியதில்லை.

ஏர்பாட்ஸில் இந்த முதல் சிரமம் ஆரம்பத்திலேயே நீக்கப்பட்டது. ஐபோனில் ஒருமுறை இணைத்தால் போதும். அதே ஆப்பிள் கணக்கில் உள்ள ஐபேடுக்கும் மேக்குக்கும் அந்த இணைப்பு விவரம் ஐகிளவுட் வழியாகத் தானாகச் சென்றுவிடும். அந்தக் கருவிகளில் நாம் இணைக்கவே இல்லை என்றாலும், பட்டியலில் ஏர்பாட்ஸின் பெயர் தெரியும்.

இரண்டாவது சிரமம் 2020ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஐஓஎஸ் 14, ஐபேட்ஓஎஸ் 14, மேக்ஓஎஸ் பிக் சர் ஆகியவற்றோடு தானியங்கி மாற்றம் வந்தது. ஐபேடில் படம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போனில் அழைப்பு வருகிறது, எடுக்கிறோம். இயர்பட்ஸ் தானாகப் போனுக்கு மாறிவிடுகிறது. எந்தப் பட்டனையும் தொட வேண்டியதில்லை.

எந்தக் கருவிக்குச் சத்தம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

ஒரே கணக்கில் உள்ள கருவிகள் அருகருகே இருக்கும்போது, சிறிய ரேடியோ சமிக்ஞைகள் மூலம் தங்கள் நிலையை ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்கின்றன. இயர்பட்ஸ் இப்போது யாரிடம் இருக்கிறது, அங்கே என்ன நடக்கிறது என்பது மற்றவற்றுக்கும் தெரியும். இதை வைத்து அவை பின்பற்றும் வழியை மூன்று வரியில் சொல்லலாம்.

அழைப்புக்கும் வீடியோ சந்திப்புக்கும் முதலிடம். நாம் ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கருவியில் பாட்டு ஓடினாலும், பேசும் கருவியிலேயே இயர்பட்ஸ் நிற்க வேண்டும்.

பேச்சு எதுவும் இல்லை என்றால், கடைசியாக எந்தக் கருவியில் பாட்டோ வீடியோவோ தொடங்கப்பட்டதோ அதற்கு இயர்பட்ஸ் போகும். முன்பு ஓடிக்கொண்டிருந்தது நிற்கும்.

செய்தி வந்ததற்கான 'டிங்' போன்ற சின்ன அறிவிப்பு ஒலிகள் இதில் கணக்கில்லை. அவற்றுக்காக இயர்பட்ஸ் இடம் மாறக் கூடாது.

இந்த மூன்றுக்கும் அடியில் சொல்லப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது. ஒரு கணக்கு என்றால் ஒரு மனிதர். போனைத் தொடுவதும் அவரே, டேப்லெட்டைத் திறப்பதும் அவரே, இயர்பட்ஸ் இருப்பதும் அவர் காதிலேயே. அவர் டேப்லெட்டில் வீடியோ போட்டால், அதைக் கேட்கத்தானே போட்டிருப்பார்? தனியாக வாழும் ஒருவருக்கு இந்த அனுமானம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நம் வீடுகளில் அப்படியா இருக்கிறது? வாப்பாவின் பெயரில் ஒரு கணக்கு. ஐபோன் வாங்கியபோது கடைக்காரர் திறந்து கொடுத்தது. பிறகு பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக ஐபேட் வந்தது. புதுக் கணக்கு எதற்கு என்று அதையே போட்டோம். அப்புறம் மகளுக்கு லேப்டாப் வந்தது, அதற்கும் அதுவே. நான்கு பேர், ஒரு கணக்கு. கருவியின் கண்ணுக்கு அந்த நான்கு பேரும் ஒரே ஆள். தம்பி கார்ட்டூன் போட்டபோது, அக்காவே அதைப் பார்க்க விரும்புவதாக இயர்பட்ஸ் எடுத்துக்கொண்டது. கதவு சாத்தியிருந்தது அதற்குத் தெரியாது. வீட்டுக்குள்ளே பத்தடி, இருபதடி தூரமும் ஒரு சுவரும் புளூடூத்துக்குப் பெரிய தடை இல்லை.

நேர்முகத் தேர்வில் நடந்தது என்ன?

மேலே சொன்ன முதல் விதியைப் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி எழும். மகள் வீடியோ சந்திப்பில்தானே இருந்தாள், பிறகு எப்படி இயர்பட்ஸ் தாவியது? அந்தக் காலை நேரத்தை நிமிடம் நிமிடமாகப் பார்த்தால் விடை கிடைக்கும்.

9.50க்கு இயர்பட்ஸை மாட்டுகிறாள். லேப்டாப்பில் ஒரு சிறிய வீடியோவைப் போட்டுப் பார்க்கிறாள். சத்தம் காதில் கேட்கிறது. எல்லாம் சரி என்று நிறுத்திவிடுகிறாள்.

9.55க்குச் சந்திப்பின் இணைப்பைத் திறக்கிறாள். "உங்களை விரைவில் உள்ளே அனுமதிப்பார்கள்" என்று திரை சொல்கிறது. இதுதான் காத்திருப்பு அறை. அவளைப் பொறுத்தவரை தேர்வு தொடங்கிவிட்டது. ஆனால் லேப்டாப்பைப் பொறுத்தவரை இன்னும் எதுவும் தொடங்கவில்லை. மைக் திறக்கவில்லை, யாருடைய குரலும் வரவில்லை. கருவியின் பார்வையில் அது உரையாடலே இல்லை. இயர்பட்ஸ் சும்மா இருக்கிறது.

9.57க்குத் தம்பி டேப்லெட்டில் வீடியோவைத் தொடங்குகிறான். சும்மா இருக்கும் இயர்பட்ஸ், அதே கணக்கு, புதிதாக ஒரு வீடியோ. இரண்டாவது விதிப்படி இயர்பட்ஸ் டேப்லெட்டுக்குப் போகிறது.

10.00க்கு அவளை உள்ளே அனுமதிக்கிறார்கள். இப்போது லேப்டாப்பில் உண்மையான உரையாடல் தொடங்குவதால், இயர்பட்ஸைத் திரும்ப இழுக்க அது முயலும். ஆனால் இந்த மாற்றத்துக்குச் சில நொடிகள் ஆகலாம். அதற்குள் சந்திப்புச் செயலி தன் வேலையைச் செய்துவிடுகிறது. சத்தத்தை எங்கே அனுப்புவது என்று பார்க்கிறது. பட்டியலில் இயர்பட்ஸ் இல்லை. ஆகவே லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரையும் சொந்த மைக்கையும் எடுத்துக்கொள்கிறது. பிறகு இயர்பட்ஸ் திரும்பி வந்தாலும், செயலி தான் எடுத்ததிலேயே நின்றுவிடலாம்.

விளைவு, கேள்வி கேட்பவரின் குரல் லேப்டாப்பின் அடியிலிருந்து மெல்லமாக வருகிறது. காதில் இயர்பட்ஸ் அடைத்துக்கொண்டிருப்பதால் அதுவும் சரியாகக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் மைக்கில் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து போகிறது. "நீங்கள் பேசுவது கேட்கவில்லை" என்று அவர் சொல்கிறார். அவள் பதறிப்போய் இயர்பட்ஸைக் கழற்றி மாட்டுகிறாள். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் கருவிகளுக்கு ஒரு புதிய சமிக்ஞை போகிறது, குழப்பம் கூடுகிறது.

இதில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. இரண்டு தனித்தனி முடிவுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. இயர்பட்ஸ் எந்தக் கருவிக்கு என்று கணக்கு முடிவு செய்கிறது. அந்தக் கருவிக்குள் எந்த ஸ்பீக்கர், எந்த மைக் என்று செயலி முடிவு செய்கிறது. முதலாவது சரியாக இருந்தும் இரண்டாவது தவறாக இருக்கலாம். லேப்டாப்பில் சத்தம் வரவில்லை என்றால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அந்த நொடியில் அவள் செய்திருக்க வேண்டியது எளிது. சந்திப்புத் திரையிலேயே மைக் படத்தின் பக்கத்தில் சிறிய அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் ஸ்பீக்கர், மைக் பட்டியல் வரும். இரண்டிலும் இயர்பட்ஸின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரே பட்டியலில் இல்லை என்றால் இயர்பட்ஸ் இன்னும் டேப்லெட்டிடம் இருக்கிறது என்று பொருள். அப்போது மேக் திரையின் மேல்பக்கம் உள்ள கண்ட்ரோல் சென்டரில் சத்தத்துக்கான பகுதியைத் திறந்து, ஏர்பாட்ஸைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப்புக்கு வந்துவிடும்.

வேறு எப்போதெல்லாம் தவறுகிறது?

பகிர்ந்த கணக்குதான் முதல் காரணம். ஆனால் ஒரே ஆள் பயன்படுத்தும்போதும் சில நேரம் தவறும். கருவிக்குத் தெரிவது 'சத்தம் தொடங்கியது' என்பது மட்டுமே. அந்தச் சத்தத்தை நாம் விரும்பினோமா என்பது தெரியாது.

போனில் ஒரு பயான் கேட்டுக்கொண்டே லேப்டாப்பில் செய்தி படிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தின் ஓரத்தில் விளம்பர வீடியோ ஒன்று தானாக ஓடத் தொடங்குகிறது. நாம் அதைத் தொடவே இல்லை. ஆனாலும் லேப்டாப்பில் வீடியோ தொடங்கியதாகவே அது கணக்கில் வரலாம். பயான் நின்று, விளம்பரம் காதில் கேட்கும். சத்தத்தோடு திறக்கும் விளையாட்டுகளும் இப்படித்தான்.

தொழுகை நேரம் காட்டும் செயலிகளிலும் இந்த வேறுபாட்டைக் கவனிக்கலாம். ஐபோன், ஐபேடில் அறிவிப்பாக வரும் ஒலி 30 நொடிக்கு மேல் போக முடியாது. அது அறிவிப்பு ஒலி, இயர்பட்ஸை இழுக்கக் கூடாத வகை. ஆனால் லேப்டாப்பில் ஒரு செயலி பாங்கு முழுவதையும் ஒரு பாட்டை ஓட்டுவது போல ஓட்டினால், அது வீடியோ, பாட்டு வகையில் சேர்ந்துவிடும். போனில் குரல் செய்தி கேட்டுக்கொண்டிருப்பவரின் காதிலிருந்து இயர்பட்ஸ் லேப்டாப்புக்கு நகரக்கூடும். ஒரே ஒலி, ஆனால் எந்த வகையில் வருகிறது என்பதைப் பொறுத்து நடப்பது மாறுகிறது.

குரல் செய்தி என்று சொன்னோம். அதையும் கவனிக்க வேண்டும். சவூதியிலிருந்து வாப்பா அழைத்துப் பேசுவது உரையாடல். அதற்கு முதலிடம் உண்டு. ஆனால் அவர் அனுப்பிய மூன்று நிமிடக் குரல் செய்தியை உம்மா கேட்பது உரையாடல் அல்ல. அது பாட்டு கேட்பது போன்ற ஒன்றுதான். ஆகவே பேசும்போது தாவாத இயர்பட்ஸ், செய்தி கேட்கும்போது தாவும். "சில நேரம் சரியாக இருக்கிறது, சில நேரம் இல்லை" என்று நாம் குழம்புவதற்கு இந்த வேறுபாடே பல நேரம் காரணம்.

ஒரே கணக்கில் இன்னொன்றும் உண்டு. ஐபோனுக்கு வரும் சாதாரண அழைப்பு ஐபேடிலும் மேக்கிலும் சேர்ந்து ஒலிக்கும் வசதி இருக்கிறது. தம்பி டேப்லெட்டில் பச்சைப் பட்டனை அழுத்திவிட்டால், அழைப்பு டேப்லெட்டில் திறக்கும். அழைத்தவரின் குரல் உம்மாவின் காதிலோ கூடத்திலோ கேட்கும். குடும்ப விஷயம் பேச அழைத்தவருக்கு யார் கேட்கிறார்கள் என்பது தெரியாது. போன் செட்டிங்கில் Calls on Other Devices என்ற இடத்தில் டேப்லெட்டை மட்டும் அணைத்துவிடலாம்.

எதிர்ப்பக்கத் தவறு: மாற வேண்டிய இடத்தில் மாறாமல் இருப்பது

சிலருக்குப் பிரச்சினை நேர்மாறானது. லேப்டாப்பில் வகுப்பைத் திறந்தும் இயர்பட்ஸ் போனிலேயே நிற்கிறது. இதற்குப் பார்க்க வேண்டியவை குறைவுதான்.

மூன்று கருவிகளிலும் ஒரே ஆப்பிள் கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு இயங்க வேண்டும். அதாவது புதிய கருவியில் நுழையும்போது கடவுச்சொல்லோடு ஆறு இலக்க எண்ணும் கேட்க வேண்டும். மூன்றிலும் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். போனை மட்டும் புதுப்பித்துவிட்டு லேப்டாப்பைப் பல ஆண்டுகளாக அப்படியே விட்டிருக்கும் வீடுகளில் இது சிக்கும். பழைய முதல் தலைமுறை ஏர்பாட்ஸ் என்றால் தானியங்கி மாற்றம் கிடையாது. விண்டோஸ் லேப்டாப்பிலும் ஏர்பாட்ஸுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே கையால்தான் இணைக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மாறவில்லை என்றால், அந்தக் கருவியில் வசதியை யாரோ அணைத்திருக்கலாம். அது எங்கே இருக்கிறது என்பதை இனிப் பார்ப்போம்.

எந்தக் கருவியில் எதை மாற்றுவது?

முதலில் குற்றவாளி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஐபோனிலோ ஐபேடிலோ இயர்பட்ஸ் வேறு கருவிக்குப் போகும்போது, திரையின் மேல்பகுதியில் ஒரு சிறிய அறிவிப்பு வரும். எந்தக் கருவிக்குப் போனது என்று அதில் எழுதியிருக்கும். பக்கத்தில் வளைந்த அம்புக்குறி இருக்கும். அதைத் தொட்டால் இயர்பட்ஸ் திரும்பி வந்துவிடும். சில நொடிகளில் அறிவிப்பு மறைந்துவிடுவதால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

அதைத் தவறவிட்டால் ஒரு சோதனை செய்யலாம். சந்தேகப்படும் டேப்லெட்டில் ஒரு நாள் முழுக்க புளூடூத்தை அணைத்து வையுங்கள். அன்று பிரச்சினை வரவில்லை என்றால் டேப்லெட்தான் காரணம். ஆனால் கண்ட்ரோல் சென்டரில் உள்ள நீலப் பொத்தானை அழுத்தினால் புளூடூத் முழுமையாக அணையாது. மறுநாள் காலை 5 மணிக்குத் தானாகத் திரும்பவும் வந்துவிடும். செட்டிங்ஸ் உள்ளே போய், புளூடூத் பக்கத்தில் அணைத்தால்தான் முழுமையாக அணையும்.

காரணம் தெரிந்த பிறகு, நிரந்தர மாற்றம். இங்கேதான் பலர் தவறான கருவியில் தேடுகிறார்கள். மகளின் லேப்டாப்பிலிருந்து இயர்பட்ஸ் போனதால், லேப்டாப்பில் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் இந்த அமைப்பு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக இருக்கிறது. 'நான் இயர்பட்ஸை இழுக்கலாமா' என்பதை அந்தந்தக் கருவியே முடிவு செய்கிறது. ஆகவே பறிகொடுத்த கருவியில் மாற்றிப் பயனில்லை. பறித்த கருவியில் மாற்ற வேண்டும். இந்த வீட்டில் அது டேப்லெட்.

இயர்பட்ஸ் டேப்லெட்டோடு இணைந்திருக்கும்போது இதைச் செய்யுங்கள். ஐபேடின் செட்டிங்ஸில் Bluetooth பக்கத்தைத் திறக்க வேண்டும். பட்டியலில் ஏர்பாட்ஸ் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் i என்ற குறி இருக்கும். அதைத் தொட்டால் Connect to This iPad என்ற வரி தெரியும். அதில் Automatically என்று இருப்பதை When Last Connected to This iPad என்று மாற்ற வேண்டும். போனில் இதே இடத்தில் iPhone என்றும், மேக்கின் சிஸ்டம் செட்டிங்ஸில் Mac என்றும் இருக்கும்.

இதை மாற்றியதும் தம்பியின் கார்ட்டூன் அக்காவின் காதுக்குத் தாவாது. டேப்லெட்டின் ஸ்பீக்கரிலேயே ஓடும். அதற்காக டேப்லெட்டில் இயர்பட்ஸ் பயன்படுத்தவே முடியாது என்று அர்த்தமில்லை. கையால் தேர்ந்தெடுத்தால் வரும். ஒரே ஒரு எல்லை உண்டு. அந்த அமைப்பின் பெயரே சொல்வது போல, இயர்பட்ஸ் கடைசியாக டேப்லெட்டோடு இணைந்திருந்தால், அடுத்த முறை மாட்டும்போது மீண்டும் டேப்லெட்டுக்கே போகும். ஆகவே தம்பி பயன்படுத்திவிட்டு வைத்த இயர்பட்ஸை எடுத்து மாட்டினால், ஒருமுறை லேப்டாப்பில் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

வேரைச் சரிசெய்ய வேண்டும் என்றால்

மேலே சொன்னது சத்தம் தாவுவதை நிறுத்தும். ஆனால் நான்கு பேரை ஒரே ஆளாக நினைக்கும் கணக்கு அப்படியே இருக்கும். இயர்பட்ஸ் தாவியது அதன் ஓர் அறிகுறி மட்டுமே. அதே கணக்கின் வழியாகத்தான் புகைப்படங்கள், தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல் எல்லாம் பிள்ளைகளின் டேப்லெட்டில் தெரிகின்றன. மகளின் படங்கள் தம்பியின் கையில் இருக்கும் டேப்லெட்டில் வந்து நிற்பதை எந்த உம்மாவும் விரும்பமாட்டார்.

இதற்கு வழி, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. வாங்கிய செயலிகள் வீணாகுமே என்று தயங்க வேண்டாம். ஆப்பிளின் குடும்பப் பகிர்வு வசதியில் மொத்தம் ஆறு பேர் வரை சேரலாம். குடும்பத்துக்குப் பகிர அனுமதி உள்ள செயலிகளையும், ஐகிளவுட் சேமிப்பு இடத்தையும் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் படங்கள், அழைப்புகள், இயர்பட்ஸ் எல்லாம் அவரவருக்குத் தனி. சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோரே குழந்தைக் கணக்கு திறந்து கொடுக்கலாம். எவ்வளவு நேரம் பார்க்கலாம், எந்தச் செயலியைப் போடலாம் என்பதையும் அதில் கட்டுப்படுத்தலாம்.

மாற்றும் நாளில் ஒரு எச்சரிக்கை. டேப்லெட்டில் பழைய கணக்கிலிருந்து வெளியேறும் முன், அதில் மட்டும் இருக்கும் படங்களும் குறிப்புகளும் ஐகிளவுடுக்கோ வேறு இடத்துக்கோ சென்றுவிட்டனவா என்று பாருங்கள். வெளியேறும்போது சில விவரங்கள் அந்தக் கருவியிலிருந்து நீங்கிவிடும். பள்ளிக் குறிப்புகள் போய்விட்டால் பிள்ளைகளுக்குச் சிரமம்.

சாம்சங், ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு

சாம்சங்கின் கேலக்ஸி பட்ஸிலும் இதே போன்ற வசதி இருக்கிறது. அங்கே எல்லாக் கருவிகளிலும் ஒரே சாம்சங் கணக்கு இருக்க வேண்டும். கூகுளும் 2022இல் இருந்து, ஆதரிக்கும் இயர்பட்ஸ்களில் கூகுள் கணக்கை வைத்து இதைத் தருகிறது. இரண்டிலும் அழைப்புக்கு முதலிடம், பாட்டுக்கும் வீடியோவுக்கும் அடுத்த இடம் என்பதே அடிப்படை. ஆகவே பகிர்ந்த கணக்கால் வரும் தொல்லையும் அங்கே உண்டு. அணைக்கும் இடத்தின் பெயர் மாடலுக்கு மாடல் மாறும். இயர்பட்ஸின் செயலியிலோ புளூடூத் பக்கத்திலோ தேடினால் கிடைக்கும்.

விலை குறைந்த பல இயர்பட்ஸ்களில் 'மல்டிபாயிண்ட்' என்று எழுதியிருப்பார்கள். இது வேறு. கணக்கு எதுவும் தேவையில்லை. இயர்பட்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணைந்திருக்கும், அவ்வளவுதான். பெரும்பாலான மாடல்களில் ஒன்று ஓடி முடியும் வரை இன்னொன்று குறுக்கிடாது. அழைப்பு வந்தால் மட்டும் மாறும். நாமே இணைத்த இரண்டு கருவிகளைத் தவிர வேறு எதுவும் உள்ளே வராது. ஒரு வீட்டில் பலர் கருவிகளைப் பகிரும்போது இது சில நேரம் வசதியாகவே இருக்கும்.

முக்கியமான நேரத்துக்கு முன்

மகளின் அடுத்த நேர்முகத் தேர்வுக்கு வருவோம். முந்தைய நாள் டேப்லெட்டில் அந்த ஒரு வரியை மாற்றிவிட வேண்டும். காலையில் சந்திப்பின் இணைப்பைத் திறந்ததும், செயலியில் ஸ்பீக்கர், மைக் இரண்டிலும் இயர்பட்ஸின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே அனுமதித்த உடனே ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும். காத்திருப்பு அறையில் சரியாக இருந்தது உள்ளே போனதும் மாறியிருக்கலாம் என்பதை இப்போது நாம் அறிவோம்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், வயர் வைத்த பழைய இயர்போனை லேப்டாப்பில் சொருகுங்கள். பிறகு செயலியில் அதுதான் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். சொருகிய வயரை டேப்லெட் இழுத்துக்கொண்டு போகாது.